ஒரே கிண்ணம், 110 பேர்: அறிவித்தலில் எதை எழுதுவது?

கேள்வி

டொக்டர் ஐயா, நான் வலிகாமத்தில் ஒரு சிறிய சபையின் செயலாளர். திருவிருந்துக்கு 110 பேரளவில் வருவார்கள். மூன்று தலைமுறையாக ஒரே வெள்ளிக் கிண்ணத்தில்தான் வைன் குடிக்கிறோம். கொரோனாவோடு நிறுத்தி, பிறகு திரும்பவும் தொடங்கினோம். இப்போது நிர்வாகக் குழு, ஏழுக்கு நாலு என்ற வாக்கில், தனிக்கிண்ணத்துக்கு மாறத் தீர்மானித்திருக்கிறது. நத்தாரில் தொடங்க வேண்டுமாம். அறிவித்தல் எழுதுவது என் பொறுப்பு. நான் எழுதியது இது: "பொதுக்கிண்ணத்தால் காசநோய், எய்ட்ஸ், மஞ்சட்காமாலை போன்ற நோய்கள் பரவுவதாலும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற சகோதரர் ஒருவர் கேட்டுக்கொண்டதாலும், இனித் தனிக்கிண்ணம் பாவிக்கப்படும். கருத்துகள் இருப்பின் தெரிவிக்கவும்." இதைச் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். மூத்த மாமி ஒருவர், "என்ர அம்மாவும் நானும் குடிச்ச கிண்ணத்தில நோயோ?" என்று அழுதுவிட்டார். இன்னொருவர் வைனும் வெள்ளியும் கிருமியைக் கொன்றுவிடும் என்கிறார். இளம் ஆட்கள் அப்பத்தை வைனில் தோய்த்தால் போதும் என்கிறார்கள். முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்டால் சண்டைதானே வரும்? அறிவித்தலைத் திருத்தித் தருவீர்களா?

— ஒரு சபைச் செயலாளர்

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த மூன்று நோய்களின் பெயரையும் வெட்டிவிடுங்கள். மூன்றுமே பிழை. அந்த மாமியின் கண்ணீருக்கு மருத்துவ நியாயமும் இருக்கிறது. அவருடைய அம்மா குடித்த கிண்ணத்தில் நீங்கள் எழுதிய நோய் எதுவும் இருக்கவில்லை.

காசநோய் இருமும்போது காற்றில் மிதக்கும் துளிகளை மூச்சோடு உள்ளே இழுப்பதால் வருவது. ஒரே கோப்பையில் குடிப்பதால் அது தொற்றுவதில்லை. எச்.ஐ.வி. எச்சிலால் பரவுவதில்லை. மஞ்சட்காமாலை என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. அவற்றில் ஹெப்பற்றைற்றிஸ் பி இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் பரவுவது, கோப்பையால் அல்ல. ஹெப்பற்றைற்றிஸ் ஏ மலம் பட்ட கையாலும் தண்ணீராலும் வருவது. அதற்குக் கிண்ணத்தின் விளிம்பைவிட அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிற கைதான் முக்கியம்.

காசநோயும் எச்.ஐ.வி.யும் உள்ளவர்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு வாழ்கிறார்கள். அவர்களோடு ஒரே கோப்பையில் குடித்தால் நோய் வரும் என்று சபையின் பெயரில், பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசித்தால், அந்தப் பொய் கடைத்தெருவில் சொல்லும் பொய்யைவிடப் பலமாகப் பதியும். வாங்கில் அமர்ந்திருப்போரில் காசநோய் மருந்து ஆறு மாதம் குடித்து முடித்த ஒருவர் இருக்கலாம். அவர் அடுத்த ஞாயிறு வருவாரா?

கிண்ணத்தால் உண்மையில் என்ன பரவலாம்

எச்சிலில் இருக்கும் கிருமிகள் விளிம்பில் படுகின்றன என்பது உண்மை. தடிமன், சளிக்காய்ச்சல், உதட்டுக் கொப்புளம், சத்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் சில வைரசுகள் ஆகியவை அப்படிப் பரவ வழி இருக்கிறது. வழி இருப்பது வேறு, பரவியது வேறு. பொதுக்கிண்ணத்தால்தான் ஒரு நோய் பரவியது என்று உறுதியாகக் காட்டிய சம்பவம் எதுவும் மருத்துவப் பதிவில் இல்லை. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வில் 681 பேரை விசாரித்தார்கள். திருவிருந்து எடுக்கிறவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகமாக நோயுற்றதாகத் தெரியவில்லை. ஒரு சிறு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாதுதான். ஆனாலும் சுகதேகி ஒருவருக்கு அந்தக் கிண்ணத்தால் வரும் ஆபத்து மிகச் சிறியது என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கி, பக்கத்தில் நின்று கதைத்து, மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது தடிமன் தொற்றுவதற்கு அதைவிட வாய்ப்பு அதிகம்.

அதற்காக "வைன் கொன்றுவிடும்" என்கிறவர் சொல்வதும் சரியாகாது. திருவிருந்து வைனில் அற்ககோல் 20 சதவீதத்தைத் தாண்டாது. கை சுத்தம் செய்யும் திரவத்திலேயே 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெள்ளிக்குக் கிருமியை அழிக்கும் குணம் உண்டு. ஆனால் அது வேலை செய்ய மணிக்கணக்கு வேண்டும். ஒருவர் உதடு எடுத்து அடுத்தவர் உதடு வைக்கும் இடைவெளி சில விநாடிகள்தான். உண்மையில் கொஞ்சம் பாதுகாப்புத் தருவது போதகர் கையில் இருக்கும் வெள்ளைத் துணி. 1967இல் இங்கிலாந்தில் இதற்கென்றே பரிசோதனை செய்து பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு விளிம்பைத் துடைத்தபோது கிருமிகளின் எண்ணிக்கை 90 சதவீதமளவில் குறைந்தது. உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து, கிண்ணத்தையும் திருப்பி, துணியின் புதிய பக்கத்தையும் எடுத்தால்தான் அந்தப் பலன். 110 பேருக்கு ஒரே துணி என்றால் பாதிப் பேருக்கு முன்பே அது ஈரமாகிவிடும். பிறகு துடைப்பதில் அர்த்தமில்லை. மாமி போன்றவர்கள் வருடக்கணக்காக அந்தத் துணியைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்துத் தந்திருப்பார்கள். அவர்கள் செய்தது வெறும் அலங்காரம் அல்ல என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோய்த்தல் பற்றி: சுத்தமாகத் தோன்றும், ஆனால் பல நேரம் எதிர்மாறாக முடியும். சிறு துண்டு அப்பத்தை இரண்டு விரலால் பிடித்து இறக்கும்போது நகமும் விரல்நுனியும் வைனில் படும். கோயிலுக்குள் வரும்போது பிடித்த சைக்கிள் ஹாண்டில், எண்ணிப் போட்ட காணிக்கைக் காசு, துடைத்த மூக்கு எல்லாம் அந்த விரலில் இருக்கின்றன. உதட்டைவிட விரல் சுத்தம் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. தோய்ப்பதென்றால் போதகர் ஒருவர் மாத்திரம், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு, தானே தோய்த்து ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்?

ஆபத்து இவ்வளவு சிறியதென்றால் மாற்றமே தேவையில்லையே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் அதன் காரணம் நீங்கள் எழுதிய காரணம் அல்ல.

என்னுடைய சபையில் பல வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பின்வாங்கில் ஓரமாக ஒருவர் இருப்பார். திருவிருந்துக்கு எல்லோரும் எழும்பும்போது வேதப்புத்தகத்தை விரித்துக் குனிந்துகொள்வார். ஏதோ மனக்கசப்பு என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் காலத்தில் பொதுவான பாத்திரத்தில் எதையும் குடிக்க வேண்டாம் என்று அவருடைய கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. நானோ வைத்தியன், வாரந்தோறும் அவருக்கு மூன்று வாங்கு முன்னால் இருந்தவன்.

உங்கள் சபையிலும் அப்படி இருக்கக்கூடியவர்களை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகம் மாற்றியவர்களும் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர்களும் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் இரண்டு நாள் தடிமனாக வருவது அவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம். மூன்றாவது வகையினர் பற்றிச் சபைகள் பெரும்பாலும் யோசிப்பதில்லை: குடியை விட்டவர்கள். குடியை நிறுத்துவதற்கு டைசல்பிராம் என்ற குளிசை கொடுப்பதுண்டு. அதை எடுக்கிறவர் ஒரு வாய் வைன் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுக்கலாம். கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை அந்த விளைவு இருக்கக்கூடும். குளிசை எடுக்காதவருக்கும் அந்த ஒரு வாய் பழைய வழியைத் திறந்துவிடலாம். இவர்களுக்குக் கிண்ணத்தின் விளிம்பு பிரச்சினை அல்ல, உள்ளே இருப்பதுதான் பிரச்சினை.

ஆகவே உண்மையான காரணம் இதுதான்: பந்திக்கு வர விரும்பியும் வர முடியாமல் இருக்கிறவர்களும் வரக்கூடியதாக வேண்டும். அந்த மாமி இதைக் கேட்டு அழமாட்டார் என்று நினைக்கிறேன். தன் அம்மாவின் கிண்ணத்தைக் குற்றம் சொல்லும் வசனம் எதுவும் இதில் இல்லை.

ஆனால் அந்தச் சகோதரரை அறிவித்தலில் குறிப்பிட வேண்டாம். பெயர் போடவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 110 பேருள்ள சபையில் சிறுநீரகம் மாற்றியவர் யார் என்று தெரியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். அவருடைய நோய் பொதுவில் வாசிக்கப்படும். அதற்கு மேல், மாற்றம் பிடிக்காதவர்களின் கோபம் முழுவதும் அவர் தலையில் போய் விழும். குடியை விட்டவருக்கு இது இன்னும் பாரம். "வைன் வேண்டாம் என்பவர்கள் சொன்னால் பழச்சாறு தருவோம்" என்று எழுதினால், கேட்பதே ஒரு வாக்குமூலம் ஆகிவிடும். அதனால் தனிக்கிண்ணம் எல்லாவற்றிலும் பழச்சாறே இருக்கட்டும்.

அப்படிச் செய்தால் அதையும் அறிவித்தலில் வெளிப்படையாக எழுதுங்கள். கிண்ணம் மாறுவது ஒரு மாற்றம், வைன் பழச்சாறாவது இன்னொரு மாற்றம். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் முதல் ஞாயிறே நாக்கு கண்டுபிடித்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்கள். அற்ககோல் இல்லாத திராட்சைச் சாறு புதிய யோசனையும் அல்ல. 1869இல் அமெரிக்காவில் வெல்ச் என்ற மெதடிஸ்த பல்வைத்தியர் திருவிருந்துக்காகவே அதைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைச் செய்துகாட்டினார். எங்கள் ஊர்ச் சூட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அடுத்த மாதத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஊற்றும்போது நுரைத்தால் அது புளிக்கத் தொடங்கிவிட்டது.

திருவிருந்தில் "ஒரே பாத்திரம்" என்பதற்கு இருக்கும் பொருள் என் துறை அல்ல, அதைப் போதகர்தான் பேச வேண்டும். ஒன்றை மாத்திரம் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிலிக்கன் மரபில் பொதுக்கிண்ணம் வழிபாட்டு ஒழுங்கோடு சேர்ந்தது. பேராயரின் அனுமதி இல்லாமல் குழு வாக்கெடுத்து மாற்றக்கூடியதல்ல. மெதடிஸ்த, கொங்கிரிகேஷனல் வழிவந்த சபைகள் உலகின் பல இடங்களில் நூறு வருடத்துக்கு மேலாகத் தனிக்கிண்ணம் பாவிக்கின்றன. உங்கள் ஒழுங்கு எதைக் கேட்கிறது என்பதை அறிவித்தலுக்கு முன் போதகரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தனிக்கிண்ணம் கெட்டுப்போகும் இடம் குசினி

தனிக்கிண்ணம் வந்தால் சுத்தம் தானாக வந்துவிடும் என்று உங்கள் குழு நினைத்திருக்கலாம். வருவதில்லை. பொதுக்கிண்ணம் ஒன்றைக் கழுவிய இடத்தில் இனி 110 கிண்ணம் கழுவ வேண்டும். ஒவ்வொன்றும் விரல் புகாத அளவு சின்னது.

எங்கள் சபையில் தொடங்கி நாலாம் மாதம் நான் ஒரு கிண்ணத்தை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஊதா நிறத்தில் மெல்லிய வளையம். சாறு காய்ந்து சீனியாக ஒட்டியிருந்தது. போன மாதத்து மிச்சத்தின் மேல் இந்த மாதத்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். பத்துக் கிண்ணம் பார்த்ததில் நாலில் அந்த வளையம் இருந்தது. கழுவியவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. ஒரு பேசினில் எல்லாவற்றையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி, துவாயால் துடைத்திருக்கிறார்கள். அப்படிக் கழுவினால் அடி கழுவுப்படாது. துவாயில் இருப்பதும் உள்ளே வந்துவிடும்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். ஆராதனை முடிந்த கையோடு, சாறு காயுமுன், வெறும் தண்ணீரில் ஊறப் போடுவது. குழந்தைகளின் பால்போத்தல் மூக்குக்குப் பாவிக்கும் சின்ன பிரஷால் ஒவ்வொன்றையும் சவர்க்காரத்தோடு தேய்ப்பது. ஓடும் தண்ணீரில் அலசி, கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடமாவது அமிழ்த்துவது. சுத்தமான தட்டில் கவிழ்த்துத் தானாகக் காயவிடுவது, துடைப்பதே இல்லை. இரண்டு பேருக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்தை மாதாமாதம் கொடுக்கப் போவது யார் என்பதற்கு உங்களிடம் பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் இன்னும் தொடங்க வேண்டாம். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கிண்ணம் வாங்கினால் கழுவும் வேலை இல்லை. ஆனால் அதைக் கழுவித் திரும்பப் பாவிக்கவும் கூடாது, கோயில் வளவில் எரிக்கவும் கூடாது.

பந்தியில் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஒரு தட்டு சாதாரணமாக 40 கிண்ணம் கொள்ளும், உங்களுக்கு மூன்று தட்டு வேண்டும். குடித்த கிண்ணத்தை அதே தட்டில் திரும்ப வைக்க விடாதீர்கள். வெறுங்கிண்ணத்துக்கு வேறு தட்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் தன் கிண்ணத்தை எடுக்கும்போது முன்னவர் உதடு பட்ட விளிம்பில் விரல் படும். நிரப்புவது காலையில்தான், முதல்நாள் இரவில் அல்ல. நிரப்பியதும் மூடிவிடுங்கள், இனிப்புக்கு எறும்பும் இலையானும் உடனே வரும்.

இவ்வளவையும் நத்தாரில் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு கூட்டம் இரட்டிப்பு, கழுவுகிறவர்களுக்குப் பழக்கமில்லை, மூத்தவர்களுக்கு வருடத்திலேயே மிகவும் பிரியமான ஆராதனை. இப்போது ஜூலை. செப்ரெம்பரில் தொடங்கினால் நத்தாருக்குள் மூன்று திருவிருந்து பழகிவிடும்.

அறிவித்தல்

முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்டால் சண்டை வரும் என்ற உங்கள் பயம், கேட்கும் முறையைப் பொறுத்தது. எல்லாம் முடிந்துவிட்டது, ஆனாலும் "கருத்துகள் இருப்பின் தெரிவிக்கவும்" என்று எழுதினால், எதைப் பற்றிச் சொல்ல, யாரிடம் சொல்ல, சொன்னால் என்ன நடக்கும் என்று ஒன்றும் தெரியாது. அப்போது ஒருவரும் ஒன்றும் எழுதமாட்டார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று குழு எடுத்துக்கொள்ளும். கதை முழுவதும் மதிலுக்கு வெளியே நடக்கும். எது தீர்ந்தது, எது தீரவில்லை என்பதைப் பிரித்து எழுதினால் மனக்கசப்பு இருந்தாலும் அது உள்ளேயே பேசப்படும். கீழே உள்ளது குழுவின் தீர்மானத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் திறந்து வைக்கிறது, ஆகவே முதலில் குழுவின் சம்மதத்தை வாங்கி, உங்கள் சபைக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

> அன்பான சபையாருக்கு,
>
> மூன்று தலைமுறையாக நாங்கள் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் திருவிருந்து பெற்று வருகிறோம். அந்தக் கிண்ணத்தால் எங்களில் யாருக்கும் நோய் வந்ததாக நாங்கள் அறியோம். சுகதேகிகளுக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை என்றே வைத்தியர்களும் சொல்கிறார்கள்.
>
> ஆனால் நோய்க்கு எடுக்கும் மருந்து காரணமாகவோ வேறு காரணத்தாலோ பொதுக்கிண்ணத்தில் குடிக்க முடியாமலும், வைன் எடுக்க முடியாமலும் இருக்கிறவர்கள் எந்தச் சபையிலும் உண்டு. அவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லாமல் எல்லோரோடும் பந்திக்கு வர வேண்டும் என்பதற்காக, செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பர் மாதத் திருவிருந்துகளில் தனிக்கிண்ணமும் கொடுக்கப்படும். அதில் அற்ககோல் இல்லாத திராட்சைச் சாறு இருக்கும்.
>
> இந்த மூன்று மாதமும் வெள்ளிக் கிண்ணமும் வைனோடு மேசையில் இருக்கும். விரும்புகிறவர்கள் வழமைபோல அதில் பெறலாம். தடிமன், காய்ச்சல், உதட்டுக் கொப்புளம், அல்லது கடந்த இரண்டு நாளில் சத்தி, வயிற்றோட்டம் இருந்தவர்கள் தயவுசெய்து தனிக்கிண்ணத்தை எடுங்கள்.
>
> தீர்மானிக்கப்பட்டது: தனிக்கிண்ணம் வேண்டியவருக்கு அது கிடைக்கும். இன்னும் தீர்மானிக்கப்படாதது: வெள்ளிக் கிண்ணம் நவம்பருக்குப் பிறகும் எல்லோருக்கும் தொடர்வதா, எப்படி என்பது. இதைப் பற்றி உங்களிடம் கேட்கிறோம்.
>
> இப்படிச் செய்வதால் உங்களுக்கு அல்லது உங்கள் வீட்டில் ஒருவருக்கு என்ன கஷ்டம்? எதை வேறு விதமாகச் செய்யலாம்? குழுவில் இதற்குச் சம்மதித்த ஒருவரும் சம்மதிக்காத ஒருவரும் ஆராதனைக்குப் பிறகு மண்டபத்தில் இருப்பார்கள். எழுதித் தர விரும்புகிறவர்கள் பெயரோடோ பெயரில்லாமலோ பெட்டியில் போடலாம். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்கள் வருவோம். நவம்பர் கடைசி ஞாயிறு, வந்த கருத்துகளையும் அவற்றுக்குக் குழு சொல்லும் பதிலையும் சபைக்கு வாசிப்போம்.

வாக்கு எத்தனைக்கு எத்தனை என்பதை நான் இதில் எழுதவில்லை. அதை எழுதினால் யார் எந்தப் பக்கம் என்ற தேடல் தொடங்கிவிடும். ஆனால் சம்மதிக்காத நால்வரில் ஒருவரைக் கேட்பவராக வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பு உள்ளவர்கள் அவரிடம்தான் மனம் திறப்பார்கள்.

"பிடிக்குமா, பிடிக்காதா" என்று கேட்காமல் "என்ன கஷ்டம்" என்று கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் சபையில் முதல் மாதமே ஒரு கடதாசி வந்தது. கை நடுக்கம் உள்ள ஒரு பெரியவரின் மகள் எழுதியிருந்தார்: பெரிய கிண்ணத்தைப் போதகர் பிடிக்க அப்பா குடித்தார், சின்னக் கிண்ணத்தை அவரே பிடிக்க வேண்டியிருக்கிறது, சட்டையில் ஊற்றிக்கொண்டு வெட்கத்தோடு திரும்பினார் என்று. எங்களில் யாரும் அதை யோசிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கிண்ணத்தைப் பாதிக்குச் சற்று மேலே மட்டும் நிரப்பினோம், வேண்டியவருக்குப் போதகரே எடுத்து வாயில் வைத்துக் கொடுத்தார். சிலரைச் சேர்க்க நாங்கள் செய்த மாற்றம் இன்னொருவரைத் தள்ளியிருந்தது. அந்தக் கடதாசி இல்லாவிட்டால் தெரிந்திராது.

இரண்டையும் மேசையில் வைப்பது அரைகுறை என்று குழுவில் சிலர் சொல்லக்கூடும். மருத்துவமாகப் பார்த்தால், விரும்பிக் குடிக்கும் சுகதேகியிடமிருந்து அந்தக் கிண்ணத்தைப் பறிக்கும் அளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நவம்பரில் எத்தனை பேர் எதை எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் மாத்திரம் பொதுக்கிண்ணத்தில் என்றாலும், அந்தப் பத்துப் பேர் யார் என்பதையும் பார்த்துத்தான் குழு பேச வேண்டும். எது முடிவானாலும் வெள்ளிக் கிண்ணம் அலுமாரிக்குள் போகக் கூடாது. போதகர் ஆசீர்வதித்து உயர்த்துவது அதுவாகவே இருக்கலாம்.

அப்பம் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். பந்திக்கு முன் சவர்க்காரத்தாலும் தண்ணீராலும் கை கழுவட்டும். வயிற்றோட்ட வைரசுகளில் சிலவற்றுக்குக் கைத் திரவம் போதாது. சத்தியோ வயிற்றோட்டமோ நின்று இரண்டு நாள் ஆகாதவர் அந்த ஞாயிறு கொடுக்க வேண்டாம். கிண்ணத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதை இந்த மாதமே தொடங்கலாம்.

கடைசியாக அந்த மாமி. அறிவித்தலை அவர் கோயிலில் இருந்து முதன்முதலாகக் கேட்கக் கூடாது. வாசிக்கும் ஞாயிறுக்கு முன், ஒரு பின்னேரம், போதகரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். முதலில் எழுதியது பிழை என்று நீங்களே சொல்லுங்கள், காசநோய் கோப்பையால் வராது என்று ஒரு வைத்தியர் எழுதியிருக்கிறார் என்றும் சொல்லுங்கள். புதியதை வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கிண்ணத்தை இனி எப்படிப் பேணலாம், துணியை எப்படி மடிக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். 110 பேருக்கு ஒரு துணி போதாது, மூன்று வேண்டும். அவரிடம் இன்னும் இரண்டு இருக்கக்கூடும்.